கூட்டைக் கலைக்காமல் பறவையை வீடியோ எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களோடு நடக்கும்போதெல்லாம் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துக்கொண்டு என் பதிலை எழுதியிருக்கிறேன். பல இடங்களில் ஆள்காட்டியையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். வெட்டவெளியில், வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது. நாம் செய்யும் தவறு அங்கே உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் சரி? ஒரே ஒரு எண் சொல்லுங்கள், போதும்.

அப்படி ஓர் எண் கிடையாது. ஆட்கள் நடமாடும் குளத்தில் கொக்கு பத்து மீட்டரில் நின்று மீன் பிடிக்கும். அதே இனக் கொக்கு, ஆளே வராத நீர்நிலையில் நூறு மீட்டரிலேயே எழுந்துவிடும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கணக்கு இன்னும் மாறும். அதனால் தூரத்தைப் பறவையிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பது இப்படி. பறவையை நோக்கி நேராகப் போகாமல், அதைக் கடந்து போகிறவர் போலச் சற்றுச் சாய்வாக நடங்கள். பத்து அடிக்கு ஒருமுறை நின்று இருநோக்கியில் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும் இடம் ஒன்று வரும். அதுதான் அது உங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தூரம். இன்னும் கிட்டே போனால் அது நகரும், பறக்கும். பலரும் பறக்கும் தூரத்தைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. தலை நிமிர்ந்த இடத்திலிருந்தே பின்வாங்குங்கள், அதோடு பாதித் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 மீட்டரில் தலை நிமிர்ந்தால் 60 மீட்டரில் முக்காலியை வையுங்கள். குனிந்து பதுங்கிப் போவது நல்லது என்று நினைக்க வேண்டாம். பதுங்கி வருவது வேட்டை விலங்கின் வழக்கம், பறவைக்கு அது நன்றாகவே தெரியும்.

பறவை பறக்கவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அதற்குத் தொந்தரவு இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெங்குவின்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். மனிதர் அருகே வந்தபோது பறவை அசையவில்லை, ஆனால் துடிப்பு ஏறியது. பக்கியைப் போல நிறத்தை நம்பி ஒளியும் பறவைகள் கடைசி நொடிவரை அசையாது. அது பயமில்லாமல் இருக்கவில்லை, பயத்தை அப்படித்தான் சமாளிக்கிறது.

பார்க்க வேண்டிய அடையாளங்கள் சின்னவை. கழுத்து நீண்டு உடம்பு ஒல்லியாகத் தெரிவது, இறகை உடம்போடு ஒட்ட அழுத்திக்கொள்வது, மேய்ச்சல் நின்றுபோவது, ஒரே குரலை விடாமல் எழுப்புவது. வாயில் இரையோடு வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் கிளை மாற்றி மாற்றி உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் வழியில் நிற்கிறீர்கள். ஆள்காட்டி போன்றவை இன்னொன்றும் செய்யும். இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னே ஓடும். பார்ப்பதற்கு அருமையான காட்சிதான். ஆனால் கூட்டிலிருந்தோ குஞ்சிலிருந்தோ உங்களை விலக்கிக்கொண்டு போக அது செய்யும் கடைசி முயற்சி அது. அந்தக் காட்சி உங்கள் கேமராவில் இருக்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. தள்ளி நின்றால் பறவை புள்ளியாகத்தான் தெரிகிறது. என்ன செய்ய?

ஒரு எளிய கணக்கு தெரிந்தால் இதற்கு விடை நீங்களே கண்டுபிடிக்கலாம். 36-ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். வருவது பிரேமின் அகலம். இங்கே குவிய நீளம் என்பது 36 மி.மீ. அகலச் சென்சார் கொண்ட முழுச் சட்டக் கேமராவுக்கு நிகரான எண். போனின் 5 மடங்கு லென்ஸ் பொதுவாக 120 மி.மீ. அளவில் இருக்கும். 60 மீட்டரில் அது 18 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஆள்காட்டியின் நீளம் சுமார் 33 செ.மீ. அதாவது 3,840 புள்ளி அகலமுள்ள 4கே வீடியோவில் அது 70 புள்ளிதான் வரும்.

அதனால் போனில் கூட்டைக் கிட்டக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். பறவையும் அதன் நிலமும் சேர்ந்து வரும் அகன்ற காட்சி போனுக்கு நன்றாக வரும். நூறு பறவைகள் சேர்ந்து இறங்குவது, அந்தியில் மரத்தில் அடைவது எல்லாம் அதில் எடுக்கத் தக்கவை. மனிதருக்குப் பழகிய நீர்க்கரைப் பறவை தானே பத்து மீட்டருக்குள் வந்தால் 3 மீட்டர் பிரேம் கிடைக்கும். கொக்குக்கு அது போதும். கிட்டத்தில் வேண்டுமென்றால் தொலைநோக்கியின் கண்பகுதியில் போனைப் பொருத்தும் பிடிப்பான்கள் இருக்கின்றன. 20 மடங்குத் தொலைநோக்கியும் உறுதியான முக்காலியும் இருந்தால் 60 மீட்டர் ஒரு பிரச்சினையே இல்லை.

ஸூமை எதுவரை இழுக்கலாம்? கேமராவில் 100 மடங்கு என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

லென்ஸ் தானாகத் தரும் ஸூம் வேறு, படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஸூம் வேறு. இரண்டாவதில் புதிய விவரம் எதுவும் வராது. வெட்டுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்தபிறகு வெட்டுங்கள், களத்தில் வேண்டாம். 4கேயில் எடுத்து முழு எச்டியாக வெளியிட்டால் பாதி அகலம்வரை தரம் குறையாமல் வெட்டலாம். என் எல்லை அதுதான். லென்ஸின் முழு நீளம், அதற்குமேல் பின்னால் இரண்டு மடங்கு வெட்டு. அதற்கும் போதவில்லை என்றால் அந்தக் காட்சி எனக்கில்லை.

உங்கள் கேமராவின் உண்மையான எல்லையைத் தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும். சிறியதும் பெரியதுமான எழுத்துகள் கொண்ட செய்தித்தாள் பக்கம் ஒன்றை 50 மீட்டரில் ஒட்டிவைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஸூமைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே பதிவு செய்யுங்கள். ஓர் இடத்துக்குமேல் எழுத்து பெரிதாகும், ஆனால் புதிதாக எந்த வரியும் படிக்கக் கிடைக்காது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவை முன்னால் அதற்குமேல் இழுப்பதில் பயனில்லை.

பெரிய லென்ஸ்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் வீடியோ தண்ணீருக்குள் எடுத்ததுபோல நெளிகிறது. லென்ஸ் கோளாறா?

காற்றின் கோளாறு. வெயிலில் சுட்ட தரையிலிருந்து சூடான காற்று எழும்போது, வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும் காற்றுத் திட்டுகள் ஒளியை வெவ்வேறு விதமாக வளைக்கின்றன. கானல். நீண்ட லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. புகைப்படம் எடுப்பவர் இருபது படத்தில் தெளிவான ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம், வீடியோவில் அதற்கு வழியில்லை. திரையைப் பெரிதாக்கி, பறவைக்குப் பக்கத்தில் உள்ள கல்லின் விளிம்பைப் பாருங்கள். அது நீந்தினால் எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை.

ஆனால் வேளையை மாற்றலாம். வெயில் இருக்கும் நாளில் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் தொலைவுக்கு உகந்தது. மேகமூட்டமான நாள், மழை ஓய்ந்த வேளை, புல்வெளிக்கு மேலான பார்வை ஆகியவையும் நல்லவை. கேமராவைத் தரையோடு வைக்காமல் கொஞ்சம் உயர்த்தினாலும் நெளிவு குறையும். இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. படம் தெளியவில்லை என்று பத்தடி கிட்டே போகத் தோன்றும் இடம் பெரும்பாலும் இதுதான். உச்சிவெயிலில் கிட்டே போய்ப் பறவையை எழுப்பினால், முட்டைக்கு நிழலும் போய்விடும்.

அப்படியென்றால் கூட்டைப் படமே எடுக்கக் கூடாதா?

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூடு கட்டும்போதும் முட்டையிடத் தொடங்கும்போதும் பறவை இன்னும் அந்த இடத்துக்காக அதிகம் உழைப்பைச் செலவிட்டிருக்காது. சின்னத் தொந்தரவுக்கே விட்டுவிட்டுப் போய்விடும். அந்த நாட்களில் நான் பக்கத்திலேயே போவதில்லை. கடைசிக் கட்டம் வேறு விதமான ஆபத்து. இறகு முளைத்து, பறக்க இன்னும் சில நாள் இருக்கும் குஞ்சுகள் மிரண்டால் கூட்டிலிருந்து ஒன்றாக வெளியே குதித்துவிடும். திரும்பப் போகாது. இடையில், பெற்றோர் உறுதியாக இரை கொண்டுவரும் நாட்கள்தான் ஓரளவு தாங்கும்.

என்னைக் கேட்டால், கூட்டைவிடக் கூட்டுக்குப் போகும் வழி நல்ல காட்சி தரும். மீன்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தான் விழுங்கப்போகும் மீனின் தலையை அது தன் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். குஞ்சுக்கோ துணைக்கோ கொடுக்கப்போகிறது என்றால் மீனின் தலை அலகுக்கு வெளியே, முன்பக்கம் இருக்கும். வாங்குபவருக்கு அப்போதுதான் விழுங்க வசதி. மீன் அடித்துத் திருப்பிப் பிடிக்கும் கிளையை 40 மீட்டர் தள்ளி எடுத்தாலே, எங்கோ ஒரு பொந்தில் குஞ்சு இருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். பொந்தைக் காட்டவே வேண்டாம்.

ஒரு கூட்டை நீங்கள் எடுத்த விதத்தை முதலிலிருந்து சொல்லுங்களேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆள்காட்டிக் கூட்டுக்கு 30 மீட்டரில் உட்கார்ந்தேன். பறவை பறந்துபோகவில்லை. கூட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. மேய்கிறது என்று நினைத்து 25 நிமிடம் பதிவு செய்தேன். வீட்டில் பெரிய திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் அலகில் ஒருமுறைகூட எதுவும் சிக்கவில்லை. இரை இல்லாத இடத்தில் சும்மா கொத்திக்கொண்டிருந்தது. என்னால் கூட்டுக்குத் திரும்ப முடியாத தவிப்பு அது. அந்த 25 நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடந்தன. குளிர்ச்சியைவிடச் சூடுதான் கருவைச் சீக்கிரம் கொல்லும். அந்த வீடியோவை நான் யாருக்கும் காட்டவில்லை.

அடுத்தமுறை சரளைக் கற்கள் பரவிய ஒரு திறந்த வெளி. பாதையில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆள்காட்டி தலையைத் தாழ்த்திக்கொண்டு சத்தமில்லாமல் விறுவிறுவென்று ஓடி, கொஞ்ச தூரம் போனபிறகே எழும்பிக் கத்தியது. கூட்டிலிருந்து எழுந்த பறவை இப்படித்தான் போகும், கூடு இருக்கும் இடத்திலிருந்து நேராகப் பறக்காது. நான் நிற்காமல் அதே வேகத்தில் பாதையிலேயே தாண்டிப் போனேன். கூடுவரை போய்த் திரும்பினால் அங்கே முடியும் ஒரு தடத்தை நாயும் கீரியும் மோப்பம் பிடித்து வரும், மேலிருந்து காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். 150 மீட்டர் தள்ளி நின்று இருநோக்கியில் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் பறவை நடந்தே திரும்பி வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக் கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவ்வளவோடு கிளம்பினேன்.

மறுநாள் விடிந்து, தரை நன்றாகத் தெரிந்தபிறகு போனேன். இருட்டில் போனால் நம் காலடியே ஆபத்து. 55 மீட்டரில் தலை நிமிர்ந்தது. முதல் பதிலில் சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ 80 மீட்டருக்குப் பின்வாங்கினேன். என்னிடம் இருந்தது 600 மி.மீ. லென்ஸ், 23.5 மி.மீ. அகலச் சென்சார். 23.5-ஐ 600-ஆல் வகுத்து 80-ஆல் பெருக்கினால் பிரேம் அகலம் 3.1 மீட்டர். 33 செ.மீ. பறவை 4கேயில் சுமார் 400 புள்ளி. பாதி அகலத்துக்கு வெட்டினால் பிரேமில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணைச் சுற்றிய சிவப்புத் தோல் தெரியும், இறகின் நுணுக்கம் தெரியாது. அது போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று காலை, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். முதல் இரண்டு நாளும் உட்கார்ந்திருக்கும் பறவை மட்டுமே. மூன்றாம் நாள் காலை ஏழு மணிவாக்கில் துணை நடந்து வந்தது. நேராக வரவில்லை, இடையிடையே நின்று, மேய்வதுபோல வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்து நாலடி தள்ளி நின்றது. வந்தது நான்கு முட்டையையும் அலகால் ஒவ்வொன்றாகத் திருப்பி, வயிற்று இறகை விரித்து, இடமும் வலமுமாக ஆடி ஆடி மெல்ல அமர்ந்தது. மொத்தம் நாற்பது நொடி. இரண்டு பறவையும் ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. இறுதி வீடியோவில் நான் வைத்துக்கொண்டது அந்த நாற்பது நொடிதான்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? எப்போது கிளம்ப வேண்டும்?

பறவை இயல்பாக இருக்கும்வரை இருக்கலாம். ஆனால் கூட்டருகே நான் ஒரு மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்கிறேன், தினமும் அல்லாமல். நம் வரவால் பறவை எழுந்துவிட்டது என்றால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். குளிர்ந்த வேளையில் பத்து நிமிடம், வெயில் ஏறிவிட்டால் ஐந்து. அதற்குள் திரும்பி உட்காரவில்லை என்றால் கேமராவைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இந்த எண்கள் என் வழக்கம். இதைவிடக் குறைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், கூட்ட வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேலை இருக்கிறது. தானியங்கி ஃபோகஸ் முன்னாலிருக்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கையால் ஃபோகஸ் வைத்து நிறுத்திவிடுங்கள். பதிவு தொடங்கும் பீப் ஒலியையும் ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கையும் அணையுங்கள். கேமராவில் முன்பதிவு வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்துவதற்குச் சில நொடிக்கு முன் நடந்ததும் அதில் சேர்ந்துவிடும். இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மறைவுக் கூடாரத்துக்குள் இருந்தால் கிட்டே போகலாம்தானே?

மறைவு நம் உருவத்தை மறைக்கும், கூடாரம் புதிதாக முளைத்ததை மறைக்காது. கூட்டுக்குப் பக்கத்தில் ஒரே நாளில் அதை எழுப்பினால் அதுவே தொந்தரவு. பறவைப் புகைப்படத்தின் முன்னோடிகளான கியர்ட்டன் சகோதரர்கள் 1900-இல் உள்ளே குடைந்த ஒரு காளை மாட்டு உருவத்துக்குள் ஒளிந்துகொண்டு படமெடுத்தார்கள். பறவைக்குப் பழகிய உருவம் என்பதுதான் அதன் சூட்சுமம். இன்றைக்கு அந்த வேலையை நிறுத்திய கார் செய்கிறது. பறவைகள் பொதுவாக வண்டியைவிட, வண்டியிலிருந்து இறங்கும் ஆளுக்குத்தான் மிரளும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பழந்துணிப் பையில் அரிசியோ மணலோ நிரப்பி லென்ஸுக்கு அணையாக வைத்தால் முக்காலியே வேண்டாம்.

கூடாரம் போடுவதானால் நீர் அருந்தும் இடத்திலோ வழக்கமாக வந்தமரும் கிளைக்கு எதிரிலோ போடுங்கள், கூட்டுக்கு எதிரில் வேண்டாம். உள்ளே போகும்போது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய், அவரை மட்டும் திருப்பி அனுப்பும் பழைய உத்தி ஒன்று உண்டு. ஆள் போய்விட்டார் என்று பல பறவைகள் சமாதானமாகிவிடும். கிளம்பும்போதும் அவர் வந்து அழைத்துப்போவது நல்லது.

ஒரே ஒரு இலைதான் மறைக்கிறது. கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, எடுத்தபிறகு பழையபடி விட்டுவிடலாமா?

கூடாது. அந்த இலை தற்செயலாக அங்கே இல்லை, பறவை அந்த இடத்தைத் தேர்ந்ததே அது இருப்பதால்தான். ஒதுக்கிய இடைவெளி வழியே உங்கள் லென்ஸுக்குத் தெரிவது காக்கைக்கும் தெரியும், மதிய வெயிலுக்கும் தெரியும். வெட்டாமல் கட்டிவைத்தாலும் அப்படித்தான். வேறு கோணத்திலிருந்து, அதே தூரத்தில், பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் இலைக்குப் பின்னால் இருக்கும் கூடாகவே இருக்கட்டும்.

நான் போகாமல், சின்ன கேமரா ஒன்றைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால்?

வைக்க ஒருமுறை, எடுக்க ஒருமுறை, பேட்டரி தீர்ந்தால் இன்னும் ஒருமுறை என்று கூடுவரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். தடத்தைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கும். அதைவிடப் பெரிய குறை, பறவை மிரண்டால் உங்களுக்குத் தெரியாது. கூட்டுக்கு வராமல் அது இரண்டு மணி நேரம் தவித்ததைக் கேமரா அமைதியாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். கூடுப் பெட்டிகளுக்குள் கேமரா வைப்பவர்கள் பறவை வருவதற்கு முன்பே, காலியாக இருக்கும் காலத்தில் பொருத்திவிடுவார்கள். அது சரி. பறவை குடியேறிய பிறகு வேண்டாம்.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால் தானே கிட்டே வருமே, நாம் போகத் தேவையில்லையே?

வரும், சண்டைக்கு வரும். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து, முட்டையை விட்டு, இரை தேடுவதை விட்டு, இல்லாத எதிரியைத் தேடும். இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்யவே கூடாது.

ட்ரோனில் மேலிருந்து எடுத்தால் கூட்டை மிதிக்கவும் மாட்டோம், தூரமும் கிடைக்கும். அது நல்லதுதானே?

மேலே வட்டமிடும் எதுவும் கூட்டிலிருக்கும் பறவைக்குப் பருந்துதான். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில், ஆலாக்கள் கூட்டமாக முட்டையிட்டிருந்த தீவில் ஒரு ட்ரோன் விழுந்தது. ஆயிரக்கணக்கான ஆலாக்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து போய்விட்டன. திரும்பவில்லை. சுமார் 1,500 முட்டைகள் மணலில் அப்படியே கிடந்தன. அங்கே ட்ரோனுக்குத் தடையும் இருந்தது. கூட்டமாகக் கூடு வைக்கும் பறவைகளிடம் ஒன்றின் பயம் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

விலங்குகளுக்கும் இதே முறைதானா?

தலை நிமிரும் இடத்தைப் பார்க்கும் முறை மானுக்கும் முயலுக்கும் அப்படியே பொருந்தும். காது உங்கள் பக்கம் திரும்புவது, முன்னங்காலால் தரையைத் தட்டுவது, மெல்லுவதை நிறுத்துவது எல்லாம் அதே பொருள்தான். பெரிய விலங்குகளிடம் நம் பாதுகாப்பும் சேர்ந்துவிடுவதால் சில இடங்களில் எண்ணையே விதியாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாய், பூமாவிடமிருந்து 91 மீட்டர், மற்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் விலகியிருக்க வேண்டும். அது குறைந்தபட்சம். அந்த எல்லைக்கு வெளியே நின்றாலும் விலங்கு நடையை மாற்றிக்கொண்டால் இன்னும் தள்ளிப் போக வேண்டியதுதான். தனியாகக் கிடக்கும் குட்டியை நெருங்கவே வேண்டாம். மான் போன்றவை குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது.

ஏற்கெனவே நாலைந்து பேர் கூட்டுக்குக் கிட்டே நின்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருவன் தள்ளி நிற்பதால் என்ன மாறிவிடும்?

ஒவ்வொருவரும் பத்து நிமிடம்தான் என்று நினைப்பார்கள். ஆறு பேர் வந்தால் பறவை கூட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளியே. நீங்கள் போகாவிட்டால் பத்து நிமிடம் குறைகிறது, முட்டைக்கு அது கணிசமான நேரம். சண்டை போடாமல் ஒரு வேலை செய்யலாம். உங்கள் இருநோக்கியை ஒருவரிடம் கொடுத்து, இரையோடு கிளையில் காத்திருக்கும் தாயைக் காட்டுங்கள். “பாருங்க, வாயில புழுவோட அஞ்சு நிமிஷமா உட்கார்ந்திருக்கு, நாம நகர்ந்தாத்தான் போகும்” என்று சொன்னால் போதும். பலருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது, அவ்வளவுதான். நான் சொல்லிப் பார்த்ததில் பெரும்பாலானோர் உடனே நகர்ந்திருக்கிறார்கள்.

வீடியோவை வெளியிடும்போது இடத்தைச் சொல்லலாமா? எல்லோரும் கேட்கிறார்களே.

கூடு இருக்கும்வரை சொல்ல வேண்டாம், அரிய பறவை என்றால் அதற்குப் பிறகும் வேண்டாம். சொல்லாமலேயே கசிந்துவிடும் வழிகளும் உண்டு. போனில் எடுத்த வீடியோவுக்குள் இடக்குறிப்பு தானாகப் பதிந்திருக்கும், கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். பின்னணியில் கோபுரம், பாலம், பெயர்ப்பலகை ஏதாவது தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டுங்கள். பறவை பார்த்த பதிவுகளைச் சேர்த்துவைக்கும் eBird போன்ற தளங்களே ஆபத்திலுள்ள சில இனங்களின் இருப்பிடத்தைப் பொதுவில் மறைத்துத்தான் காட்டுகின்றன.

நான் என் ஆள்காட்டி வீடியோவைக் குஞ்சுகள் கிளம்பிப் பல வாரம் கழித்துத்தான் வெளியிட்டேன். முட்டை பொரிய நான்கு வாரம் போலாகும். பொரிந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் கூட்டை விட்டுப் பெற்றோர் பின்னால் நடந்துவிடும் என்றாலும், பறக்கத் தெரியும்வரை அதே வெளியில்தான் பதுங்கித் திரியும். யாராவது தேடிக்கொண்டு போனால் அவர்கள் காலடியில் இருப்பது அந்தக் குஞ்சுகள்தான். இடம் கேட்டவர்களுக்கு நான் எந்தத் தூரத்திலிருந்து, எந்த லென்ஸில், எத்தனை நாள் உட்கார்ந்து எடுத்தேன் என்பதை எழுதி அனுப்பினேன்.